பத்து ரூபாய்க் காசும் பாதி தேய்ந்த டயரும்



உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நம் வாசகி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கார் டயரின் பள்ளத்தில் ஒரு ரூபாய்க் காசைச் செருகி, மேலிருந்து எடுத்த படம். கூடவே சில வரிகள்: "சர்வீஸுக்கு விட்ட இடத்துல நாலு டயரையும் மாத்தணும்னு சொல்றாங்க. வீட்டுல இவரு இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்ங்கிறாரு. படத்தைப் பார்த்து யார் சொல்றது சரின்னு சொல்ல முடியுமா சார்?"

நியாயமான கேள்விதானே? சின்னக் காருக்கே நாலு டயர் மாற்றினால் ஆயிரக்கணக்கில் போய்விடுகிறது. பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் அந்தச் செலவு வந்தால் வீட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள். விற்கிறவர் மாற்றச் சொல்வார், காசு கொடுக்கிறவர் ஓடும் என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் பொதுவான அளவு ஒன்று வேண்டும். அதற்கு ஒரு காசும் போனும் போதும். ஆனால் எந்தக் காசு, படத்தை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

காசை வைத்து டயர் பார்ப்பது வெளிநாட்டுப் பழக்கம். அமெரிக்காவில் ஒரு சென்ட் காசைத் தலைகீழாகப் பள்ளத்தில் விடுவார்கள். ஆபிரகாம் லிங்கனின் தலை முழுசாகத் தெரிந்தால் டயர் முடிந்தது என்று கணக்கு. அந்தக் காசின் அளவும், அதில் லிங்கன் தலை இருக்கும் இடமும் பல காலமாக மாறவில்லை. அதனால் அவர்களுக்கு அது பலிக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஊரில் ஒரு ரூபாயைச் செருகி, "சிங்கம் தெரியுது, டயர் போச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பலிக்காது. நம் ஒரு ரூபாய் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. 1992-ல் வந்த ஸ்டீல் காசின் அகலம் 25 மில்லிமீட்டர். 2011-ல் வந்தது ஏறக்குறைய 22. 2019-ல் வந்தது 20. மூன்றும் இன்று ஒரே சுருக்குப் பையில் கிடக்கின்றன. படத்தில் இருப்பது எது என்று தெரியாமல் ஆழத்தை எப்படிச் சொல்வது?

பத்து ரூபாய்க் காசு அப்படி இல்லை. அதில் எத்தனையோ டிசைன் வந்துவிட்டது, ஆனால் அகலம் மட்டும் எப்போதும் 27 மில்லிமீட்டர்தான். ஆம், கடையில் கொடுத்தால் "செல்லாதுங்க" என்று திருப்பித் தருவார்களே, அதே காசுதான். அதுவரை வந்த பதினாலு டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்தும் சில கடைகளுக்கு இன்னும் மனசு வரவில்லை. போகட்டும், நம் வேலைக்கு அதுதான் சரியான காசு.

அதனால் வாசகியிடம் பத்து ரூபாய்க் காசை வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். எப்படி எடுப்பது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முக்கால்வாசித் தப்பு இங்கேதான் நடக்கிறது.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் முன் டயரின் பட்டன் வெளியே தெரியும். டயரைச் சுற்றி நேராக ஓடுகிற பெரிய பள்ளங்கள் மூன்றோ நாலோ இருக்கும். அதில் ஓரத்துப் பள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சியால் மண்ணையும் கல்லையும் சுத்தமாகக் கிளறி எடுத்துவிட வேண்டும். உத்திரமேரூர் வட்டாரத்தில் இதை மறக்கவே கூடாது. குவாரி லாரிகள் சிந்திவிட்டுப் போகிற ஜல்லிப் பொடி நம் டயர் பள்ளங்களில்தான் குடியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் கல் ஒன்று அடியில் இருந்தால், நல்ல டயரும் முடிந்துபோன டயர் மாதிரி தெரியும்.

காசைப் பள்ளத்தின் போக்கிலேயே, நீளவாக்கில் நிறுத்துங்கள். குறுக்கே வைத்தால் இரண்டு கரையிலும் இடித்துக்கொண்டு அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். இறக்கிய பிறகு, காசை உங்கள் பக்கத்துக் கரையோடு ஒட்ட வையுங்கள். உச்சியில் ஒரு விரலால் அழுத்திப் பிடித்தால் போதும், காசின் அகலமான நடுப்பகுதியை விரல் மறைக்கக் கூடாது. இப்போது போனை டயரின் பக்கவாட்டில், பட்டனின் மேல்மட்டத்துக்கு நேராக ஓர் அடி தள்ளிப் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள். காசின் முகம் முழுக்கத் தெரிய வேண்டும், அதன் அடிப்பகுதி மட்டும் ரப்பருக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? காசு எதிர்க் கரையில் சாய்ந்திருந்தால், அதற்கும் நம் பக்கத்துக் கரைக்கும் ஆறு மில்லிமீட்டர் இடைவெளி விழும். போன் கொஞ்சம் உயரத்தில் இருந்தால்கூட அந்த இடைவெளி வழியே காசின் அடிப்பகுதி எட்டிப் பார்க்கும். பத்து டிகிரி சாய்வுக்கே ஒரு மில்லிமீட்டர் ஆழம் காணாமல் போய்விடும். வாசகியின் முதல் படத்தில் டயர் மொட்டையாகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம்.

படம் வந்துவிட்டது. அடுத்து அளப்பது.

எல்லோரும் வெளியே நீட்டியிருக்கும் உயரத்தைத்தான் அளக்கப் பார்ப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். காசு ரப்பருக்குப் பின்னால் மறைகிற இடத்தில் ஒரு நேர்க்கோடு விழும் இல்லையா, அந்தக் கோட்டின் நீளத்தை அளங்கள். காசு வட்டம் என்பதால், ஆழத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் கோட்டின் நீளம் நன்றாக மாறும். ஆழம் 3 மில்லிமீட்டரிலிருந்து 1.6-க்குக் குறையும்போது, வெளியே நீட்டும் உயரத்தில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. கோடோ 17-லிருந்து 13-க்குக் கிட்டே சுருங்கிவிடும். கண்ணுக்கு எது சுலபம்?

போன் திரையில் படத்தைப் பெரிதாக்கி, காசின் அகலம் சரியாக 54 மில்லிமீட்டர் வரும்படி வையுங்கள். பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலைத் திரைமேல் வைத்தே பார்க்கலாம். 54 என்பது 27-ன் இரட்டிப்பு. இப்போது அந்தக் கோட்டை அளங்கள். 26 வந்தால் பள்ளத்தின் ஆழம் 1.7 மில்லிமீட்டர். 34 வந்தால் 3. 40 வந்தால் 4.4. 48 வந்தால் 7.3. ஸ்கேல்கூட இல்லையா? கோடு காசின் அகலத்தில் பாதியாகத் தெரிந்தால் ஆழம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். கோட்டின் பாதியை அதே எண்ணால் பெருக்கினால் என்ன வருமோ, ஆழத்தை மீதி உயரத்தால் பெருக்கினாலும் அதுவே வரும். ஆழம் 3 என்றால் மீதி 24, பெருக்கினால் 72. எட்டரையை எட்டரையால் பெருக்கினாலும் ஏறக்குறைய 72. அதனால்தான் நிஜக் கோடு 17, திரையில் 34.

வாசகியின் இரண்டாவது படத்தில் கோடு 40 வந்தது. ஆழம் 4.4 மில்லிமீட்டர்.

இதை வைத்து ஆயுளைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. புதுசில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். டயர் வாங்கிய அன்று யார் அளந்து வைக்கிறார்கள்! ஆனால் பல வீடுகளில் அந்த விடை டிக்கியிலேயே தூங்கிக்கொண்டிருக்கிறது. காரோடு வந்த ஸ்டெப்னியை ஒருமுறைகூடப் போடாமல் வைத்திருந்தால், அதே கம்பெனி, அதே மாடல், அதே சைஸ் என்றால், அதன் பள்ளம்தான் புது டயரின் பள்ளம். அதிலும் காசை வைத்து எடுக்கச் சொன்னேன். கோடு 48. ஆழம் 7.3.

அதாவது 7.3-லிருந்து 4.4-க்கு வந்திருக்கிறது. தேய்ந்தது 2.9 மில்லிமீட்டர். மீட்டரில் ஓடியிருப்பது 26,000 கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் தேய 9,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. இனி எவ்வளவு?

எதுவரை ஓட்டலாம் என்பதற்குச் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதிப்படி, காருக்குக் குறைந்தபட்சப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர், டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் 0.8. பள்ளத்துக்குள் அங்கங்கே குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்த எல்லையைக் காட்டத்தான். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் கதை முடிந்தது. டயரின் தோள்பட்டையில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும், அதற்கு நேர் உள்ளே பார்த்தால் மேடு தெரியும். காசைத் தப்பித்தவறி அந்த மேட்டின்மேல் நிறுத்திவிடாதீர்கள். 1.6 மில்லிமீட்டர் குறைத்துக் காட்டிவிடும்.

சட்டத்தின் எல்லை வரை போனால் 2.8 மில்லிமீட்டர் மிச்சம். 25,000 கிலோமீட்டர். வீட்டுக்காரர் மீசையை முறுக்கிக்கொள்ளலாம். ஆனால் நான் 1.6 வரை போகச் சொல்ல மாட்டேன். பள்ளத்தின் வேலையே சாலைத் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது. ஐப்பசி கார்த்திகையில் ஏரிக்கரை ஓரச் சாலைகளில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, ஆழம் குறைந்த டயர் அந்தத் தண்ணீர்மேல் வழுக்கும், பிரேக் தாமதமாகப் பிடிக்கும். 3 மில்லிமீட்டர் வந்ததும் புது டயருக்குப் பணம் சேர்த்து, மழைக்கு முன்னால் மாற்றிவிடுவது என் கணக்கு. அப்படிப் பார்த்தால் மிச்சம் 1.4. சுமார் 12,500 கிலோமீட்டர். பாதியாகிவிட்டது பாருங்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். திரையில் நான் 40 என்று படித்த கோடு நிஜத்தில் 39 ஆக இருந்தால்? அல்லது 41? ஸ்கேல் ஒரு கோடு தள்ளியதற்கே, 1.6 வரை ஓடும் தூரம் ஒரு பக்கம் 21,000 ஆகவும் மறுபக்கம் 31,000 ஆகவும் மாறுகிறது. பட்டனை அதிகமாகப் படித்தால் தேய்ந்தது குறைவாகவும் மிச்சம் அதிகமாகவும் தெரியும், ஒரே தப்பு இரண்டு பக்கமும் வேலை செய்யும். அதனால் ஒரு படத்தை வைத்து "இன்னும் 24,750 கிலோமீட்டர் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அதே டயரில் அதே பள்ளத்தில் இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். மீட்டர் ரீடிங்கையும் படத்தோடு எழுதி வைத்தால் கணக்கு இன்னும் இறுகும்.

சரி, ஒரே பள்ளம் போதுமா? போதாது. உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் எடுக்க வேண்டும். காற்று குறைவாக வைத்து ஓட்டினால் இரண்டு ஓரமும் தேயும். அதிகமாக அடித்தால் நடு தேயும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புது டயர் போட்டாலும் அதே கதிதான். முன் டயரில் உள் ஓரம் நம் கண்ணுக்கே படாது. வெளியே பட்டன் பளிச்சென்று இருக்க, உள்ளே கம்பி எட்டிப் பார்க்கிற டயர்கள் எத்தனையோ ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆயுளைக் கணக்கிட எது குறைவோ அதை எடுக்க வேண்டும், சராசரியை அல்ல. வாசகியின் காரில் மூன்று பள்ளமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தன, நல்ல வேளை.

இதுவரை பேசியது பட்டனைப் பற்றி மட்டும். கிராமத்து வீட்டுக் காருக்குப் பட்டனைவிட முக்கியமானது வயசு என்பது என் கருத்து. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் தினமும் காரில் வேலைக்குப் போகிறவர் வருடத்துக்கு இருபதாயிரம் ஓட்டுவார், அவர் டயர் தேய்ந்தே முடியும். (அந்தப் பக்கம்தான் டயர் தொழிற்சாலைகளே இருக்கின்றன. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் டயர் செய்தே சம்பளம் வாங்குகிறார்கள்.) ஆனால் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுக்கிற கார்? வருடத்துக்கு நாலாயிரம் ஓடினால் அதிகம். மீதி நாளெல்லாம் வாசலில் வெயிலில் காய்கிறது. ரப்பர் இறுகும், பக்கச் சுவரில் மயிரிழை மாதிரி வெடிப்பு விழும். காசு பத்திரமாக 4.4 என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வயசைத் தெரிந்துகொள்வது சுலபம். டயரின் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசியில் நாலு எண் இருக்கும். வாசகியின் டயரில் இருந்தது 1419. அதாவது 2019-ம் வருடத்தின் 14-வது வாரம், ஏப்ரல் முதல் வாரத்தில் செய்தது. சில சமயம் அந்த எண் உள்பக்கச் சுவரில் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். பல டயர் கம்பெனிகளின் அறிவுரை இதுதான்: ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை தெரிந்தவரிடம் காட்டுங்கள், பத்து வருடமானால் பட்டன் இருந்தாலும் மாற்றுங்கள்.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். வருடம் நாலாயிரம் வீதம் 25,000 கிலோமீட்டர் ஓட ஆறு வருடம் ஆகும். அதற்குள் டயர் பத்து வருடத்தைத் தாண்டிவிடும். 12,500 என்றால் மூன்று வருடம். வாசகியிடம் நான் சொன்னது: இன்றைக்கே நாலையும் மாற்ற வேண்டியதில்லை. அஞ்சு வருஷமும் வேண்டாம். வெடிப்பு விழாமல் இருந்தால் இரண்டு, மூன்று வருடம் ஓட்டலாம், ஒவ்வொரு புரட்டாசியிலும் ஒரு படம் எடுங்கள். 2029 ஏப்ரலுக்கு மேல் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். டிக்கியில் புதுசு போல இருக்கும் ஸ்டெப்னிக்கும் அதே வயசுதான். அது அவசரத்துக்கு மட்டும்.

பழைய டயர் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளத்தைப் புதிதாக அறுத்து ஆழமாக்கி விற்கிறவர்கள் உண்டு. காசை வைத்தால் ஆறு மில்லிமீட்டர் காட்டும், படமும் அழகாக வரும். ஆனால் அறுத்தது டயரின் உயிரை. பள்ளத்துக்கு அடியில் நூலைக் காக்க இருந்த ரப்பர் போய்விட்டது. இதைக் கண்டுபிடிக்க அந்தக் குறுக்கு மேடுகளைத் தேடுங்கள். டயரைச் சுற்றி வந்தும் மேடு ஒன்றுகூட இல்லை, அல்லது மேடு பாதி வெட்டுப்பட்டிருக்கிறது என்றால் அந்த டயரை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

பைக் வைத்திருப்பவர்கள் கேட்பீர்கள். பின் டயரில் பள்ளம் வளைந்தும் சாய்ந்தும் ஓடுவதால் நேரான காசு நடுவிலேயே மாட்டிக்கொள்ளும், அடியைத் தொடாது. குறைத்தே காட்டும். முன் டயரில் நேர்க்கோட்டுப் பள்ளம் இருந்தால் காசு செல்லும், இல்லாவிட்டால் மேட்டைக் கண்ணால் பார்ப்பதே நல்லது. நெல் மூட்டை ஏற்றுகிற டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் பின் டயரின் நடுப்பகுதிதான் முதலில் தட்டையாகும், அங்கே பாருங்கள். டிராக்டர் டயருக்கு இந்தக் காசு பத்தாது, உள்ளே விழுந்துவிடும். அதற்கு ஸ்கேல்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது நாலு டயரையும் ஸ்டெப்னியையும் படம் எடுத்து, மீட்டர் ரீடிங்கோடு போனில் சேர்த்து வையுங்கள். அப்படியே ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்